வெஸ்டிங்குக்கு முன் பணியாளர்கள் விலகினால் பங்கு விருப்புரிமைச் செலவை எப்படிப் பதிவது?

நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவரிடம் ஆண்டு முடிவில் வந்து சேரும் கோப்புகளில் அதிகம் குழப்புவது, நிறுவனத்தின் பங்கைக் குறித்த விலையில் வாங்கும் உரிமையைப் பணியாளருக்குத் தரும் பங்கு விருப்புரிமைத் திட்டத்தின் கோப்புதான். பணம் கைமாறவில்லை, பங்கும் இன்னும் வெளியிடப்படவில்லை. ஆனாலும் இலாப நட்டக் கணக்கில் செலவு எழுத வேண்டும். அதோடு, உரிமை பெற்றவர்களில் சிலர், அந்த உரிமை உறுதியாகக் கைக்கு வருவதற்குக் காத்திருக்க வேண்டிய வெஸ்டிங் காலம் முடியும் முன்பே வேலையை விட்டுப் போயிருப்பார்கள். அவர்களுக்காகச் சென்ற ஆண்டு எழுதிய செலவை என்ன செய்வது என்ற கேள்விக்கு இந்தக் கட்டுரை படிப்படியாக விடை சொல்கிறது. இங்கே பின்பற்றப்படுவது இந்தியக் கணக்கியல் தரநிலை 102, அதாவது அலுவலகங்களில் இண்ட் ஏஎஸ் 102 என்று சொல்லப்படுவது. பட்டியலிடப்பட்ட நிறுவனங்களும், பட்டியலிடப்படாதவற்றில் ரூ.250 கோடி அல்லது அதற்கு மேல் நிகர மதிப்புள்ளவையும் பொதுவாக இதன்படியே கணக்கு எழுதுகின்றன. பங்காகவே தீர்க்கப்படும் விருப்புரிமைகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். பணமாகத் தீர்க்கப்படுபவற்றுக்கு விதி வேறு.

தொடங்கும் முன் ஒரே ஒரு கருத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு விருப்புரிமையின் நியாய மதிப்பு வழங்கிய நாளிலேயே பூட்டப்பட்டுவிடுகிறது. அதன்பின் மாறக்கூடியது எத்தனை விருப்புரிமைகள் வெஸ்ட் ஆகும் என்ற எண்ணிக்கை மட்டும்தான். பணியாளர் விலகல் இந்த எண்ணிக்கையின் வழியாக மட்டுமே கணக்கிற்குள் நுழைய வேண்டும், மதிப்பின் வழியாக நுழையக் கூடாது.

முதல் படி: மாறாத விவரங்களைத் தனித்தாளில் எழுதுதல்

திட்ட ஆவணத்தையும் வழங்கல் கடிதத்தையும் எடுத்து, வழங்கிய நாள், வெஸ்டிங் நாள், தலைக்கு எத்தனை விருப்புரிமை, பங்கை வாங்கப் பணியாளர் கொடுக்க வேண்டிய பயன்படுத்தும் விலை, மதிப்பீட்டாளர் அறிக்கையில் உள்ள நியாய மதிப்பு ஆகியவற்றை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கட்டுரை முழுவதும் தொடரப்போகும் நம் எடுத்துக்காட்டு, கற்பனையான ஒரு சென்னை நிறுவனத்தினுடையது. அது 2022 ஏப்ரல் 1 அன்று 100 பணியாளர்களுக்குத் தலைக்கு 600 விருப்புரிமைகளை வழங்கியது. பயன்படுத்தும் விலை ரூ.200, பங்கின் முகமதிப்பு ரூ.10, வழங்கிய நாளில் ஒரு விருப்புரிமையின் நியாய மதிப்பு ரூ.150. 2025 மார்ச் 31 வரை தொடர்ந்து வேலையில் இருப்பவருக்கு 600-ம் ஒரே நாளில் வெஸ்ட் ஆகும். அதற்கு ஒரு நாள் முன்பு போனாலும் ஒன்றும் கிடையாது.

ஆக, ஒரு பணியாளருக்கான மொத்தச் செலவு ரூ.90,000, மூன்று ஆண்டுகளில் பரப்பினால் ஆண்டுக்கு ரூ.30,000. இந்த இரண்டு எண்களை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்வரும் கணக்கு முழுவதையும் காகிதமின்றியே சரிபார்க்கலாம்.

மதிப்பீட்டாளர் அறிக்கையைப் படிக்கும்போது ஒன்றை மட்டும் உறுதிசெய்துகொள்ள வேண்டும். வெஸ்டிங் காலம் முடியும் வரை வேலையில் இருக்க வேண்டும் என்பது பணிக்கால நிபந்தனை. அதை நிறைவேற்றாமல் போகக்கூடியவர்கள் எத்தனை பேர் என்ற கணிப்பை நியாய மதிப்பில் சேர்க்கத் தரநிலை அனுமதிப்பதில்லை. ரூ.150 என்று வந்த மதிப்பைச் சிலர் போய்விடுவார்கள் என்பதற்காக ரூ.125 ஆக்கி அறிக்கை தந்திருந்தால், நீங்கள் எண்ணிக்கையையும் குறைக்கும்போது அதே விலகல் இரண்டு முறை கழிக்கப்படும். நிறுவனத்தின் பங்கு மதிப்பு அடுத்த ஆண்டு இரண்டு மடங்கானாலும் பாதியானாலும் இந்த ரூ.150 அப்படியே நிற்கும். புதிய முதலீட்டுச் சுற்றின் விலையைக் காட்டி இதை மாற்றச் சொல்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் வருவார்கள், இடங்கொடுக்க வேண்டாம்.

இரண்டாம் படி: யார் நிலைப்பார்கள் என்று கணித்தல்

ஒவ்வொரு கணக்குக் காலத்தின் முடிவிலும், இதுவரை உண்மையில் விலகியவர்களைக் கழித்துவிட்டு, மீதமிருப்பவர்களில் வெஸ்டிங் நாள் வரை எத்தனை பேர் நீடிப்பார்கள் என்று கணிக்க வேண்டும். மனிதவளத் துறை தரும் ஆண்டு விலகல் வீதத்தை மீதமுள்ள காலத்துக்கு மட்டும் பொருத்த வேண்டும் என்பதே இங்கு விதி. நம் நிறுவனத்தில் முதல் ஆண்டில் 6 பேர் போய்விட்டார்கள். 94 பேர் இருக்கிறார்கள். இனி ஆண்டுக்கு 7 சதவீதம் பேர் விலகுவார்கள் என்று கணித்தால், இரண்டு ஆண்டுகள் மீதமிருப்பதால் 94-ஐ 0.93-ஆல் இருமுறை பெருக்க வேண்டும். விடை 81.3, 81 பேர் என்று எடுத்துக்கொள்கிறோம். புதியவர்கள் இங்கே 0.93-ஐ மூன்று முறை பெருக்கிவிடுவது வழக்கமான தவறு. கடந்துபோன ஆண்டின் விலகல் 94 என்ற எண்ணிலேயே அடங்கிவிட்டது.

எந்த வீதத்தைப் பயன்படுத்துவது என்பதில்தான் உண்மையான கவனம் தேவை. மனிதவளத் துறை கையில் தயாராக வைத்திருப்பது நிறுவனம் முழுவதற்குமான விலகல் வீதம். அதில் சேர்ந்த ஆறே மாதத்தில் போகும் புதியவர்களும் அடக்கம். விருப்புரிமை பெற்றவர்களோ பெரும்பாலும் நிறுவனம் விட்டுவிட விரும்பாத மூத்தவர்கள். அவர்கள் குறைவாகவே விலகுவார்கள். பொது வீதத்தை அப்படியே எடுத்தால் முதல் ஆண்டுகளில் செலவு குறைவாகப் பதிந்து, கடைசி ஆண்டில் எல்லாம் சேர்ந்து வந்து விழும். எனவே உரிமை பெற்றவர்களின் பட்டியலை வைத்தே பழைய வழங்கல்களில் எத்தனை பேர் போனார்கள் என்று பார்ப்பது நல்லது. நம் எடுத்துக்காட்டில் எல்லோருக்கும் சம அளவு என்பதால் தலைகளை எண்ணுகிறோம். தலைமை அலுவலர் ஒருவருக்கு 20,000-ம் மற்றவர்களுக்கு 200-ம் என்றால் தலைகளை எண்ணிப் பயனில்லை, விருப்புரிமைகளைத்தான் எண்ண வேண்டும், அந்த அலுவலரைத் தனியாகவே கணிக்க வேண்டும்.

ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டு அறிவிப்புக் காலத்தில் இருப்பவர்களும் உண்டு. சம்பளப் பட்டியலில் அவர்கள் பெயர் இருக்கும். ஆனால் வெஸ்டிங் நாளுக்கு முன்பே கடைசி வேலைநாள் வந்துவிடும் என்றால் அவர்களை நீடிப்பவர்களாக எண்ணக் கூடாது. வெஸ்டிங் நாள் அறிவிப்புக் காலத்துக்குள்ளேயே விழுந்தால் என்ன ஆகும் என்பதைத் திட்ட ஆவணமே சொல்ல வேண்டும். சில திட்டங்களில் ராஜினாமா தந்த நாளிலேயே உரிமை போய்விடும்.

மூன்றாம் படி: மொத்தத் திரட்டைக் கண்டு, முன்பு எழுதியதைக் கழித்தல்

இந்தக் கணக்கின் உயிர்நாடி இதுதான். இந்த ஆண்டுக்கு எவ்வளவு என்று நேரடியாகக் கேட்கக் கூடாது. வழங்கிய நாளிலிருந்து இன்று வரை மொத்தம் எவ்வளவு பதிந்திருக்க வேண்டும் என்று முதலில் கேட்க வேண்டும். வரும் விடையிலிருந்து முன் ஆண்டுகளில் ஏற்கெனவே பதிந்ததைக் கழித்தால் மீதி நிற்பதே இந்த ஆண்டின் செலவு. விரிதாளில் இதை ஒரே வரியில் எழுதலாம்:

```
=ROUND(B2*B3*B4*B5/B6,0)-B7
```

இதில் B2 நீடிப்பார்கள் எனக் கணித்த பணியாளர் எண்ணிக்கை, B3 தலைக்கு விருப்புரிமை, B4 நியாய மதிப்பு, B5 கடந்த மாதங்கள், B6 மொத்த வெஸ்டிங் மாதங்கள், B7 சென்ற ஆண்டு வரை பதிந்த மொத்தச் செலவு. அக்டோபர் மாதம் வழங்கிய திட்டமாக இருந்தால் முதல் மார்ச் முடிவில் B5-இல் 6 வரும், அவ்வளவுதான் வேறுபாடு.

முதல் ஆண்டு, 2022-23: 81 பேர் நீடிப்பார்கள் என்ற கணிப்பு. 81-ஐ ரூ.30,000-ஆல் பெருக்கினால் ரூ.24,30,000. முன்பு பதிந்தது எதுவும் இல்லை என்பதால் இதுவே இந்த ஆண்டின் செலவு.

இரண்டாம் ஆண்டு, 2023-24: மேலும் 11 பேர் விலகினார்கள், 83 பேர் மிஞ்சினார்கள். விலகல் எதிர்பார்த்ததைவிட அதிகம் என்பதால் அடுத்த ஆண்டுக்கு 10 சதவீதம் எனக் கணிப்பு மாற்றப்படுகிறது. 83-இல் 90 சதவீதம் ஏறத்தாழ 75 பேர். இரண்டு ஆண்டுகளின் திரட்டு, 75 பேருக்குத் தலா ரூ.60,000 வீதம், ரூ.45,00,000. முன்பு பதிந்த ரூ.24,30,000-ஐக் கழித்தால் இந்த ஆண்டின் செலவு ரூ.20,70,000.

மூன்றாம் ஆண்டு, 2024-25: 4 பேர் மட்டுமே விலகினார்கள். வெஸ்டிங் நாளில் 79 பேர் வேலையில் இருக்கிறார்கள். இனிக் கணிப்புக்கு இடமில்லை. உண்மை எண்ணிக்கையே செல்லும். 79 பேருக்குத் தலா ரூ.90,000 வீதம் திரட்டு ரூ.71,10,000, அதில் ரூ.45,00,000 போக மூன்றாம் ஆண்டின் செலவு ரூ.26,10,000.

கணிப்பு மாறியதற்காகச் சென்ற ஆண்டின் கணக்கைத் திறந்து திருத்த வேண்டியதில்லை. முதல் ஆண்டில் 81 என்று எண்ணியது அன்று கையில் இருந்த தகவலுக்குப் பொருத்தமான கணிப்பு, அது பிழையன்று. கணிப்பு மாற்றத்தின் முழு விளைவும் மாற்றம் நிகழ்ந்த ஆண்டிலேயே வந்து சேர்கிறது. அதனால்தான் இரண்டாம் ஆண்டின் செலவு குறைந்தும், மூன்றாம் ஆண்டின் செலவு ஏறியும் நிற்கின்றன. விலகல் மிகக் கடுமையாக இருக்கும் ஆண்டில் விடை எதிர்மறையாகக்கூட வரலாம். அப்போது அந்த ஆண்டில் செலவு குறைப்பாக அது பதியப்படும்.

பிழைகள் எங்கே நுழைகின்றன

முதல் பிழை, திரட்டைக் காணாமல் ஆண்டுதோறும் புதிதாகப் பெருக்குவது. இரண்டாம் ஆண்டில் 75-ஐ ரூ.30,000-ஆல் பெருக்கி ரூ.22,50,000 என்று எழுதினால் ரூ.1,80,000 அதிகமாகப் பதிந்துவிடும். முதலில் நீடிப்பார்கள் என்று எண்ணப்பட்டு, பின்னர் விலகுபவர்கள் பட்டியலுக்கு மாற்றப்பட்ட 6 பேருக்காக முதல் ஆண்டில் எழுதிய தொகை அது. திரும்ப எடுக்கப்படாமல் தங்கிவிட்டது. இந்த முறையில் மூன்றாம் ஆண்டுக்கு ரூ.23,70,000 எழுதினால் மூன்று ஆண்டுகளின் கூட்டுத்தொகை ரூ.70,50,000 ஆகும். சரியான மொத்தத்துக்கும் இதற்கும் ரூ.60,000 மட்டுமே வேறுபாடு என்பதால் சிறு பிசகு என்று கடந்துபோகத் தோன்றும். ஆனால் உள்ளே ஓர் ஆண்டின் செலவு ரூ.1,80,000 கூடுதலாகவும், அடுத்த ஆண்டின் செலவு ரூ.2,40,000 குறைவாகவும் பதிந்திருக்கின்றன. எதிரெதிர்ப் பிழைகள் ஒன்றையொன்று மறைத்துக்கொள்கின்றன. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, இருப்பு நிலைக் குறிப்பில் உள்ள விருப்புரிமைக் கணக்கின் இருப்பை ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் எண்ணிக்கை, மதிப்பு, கடந்த காலம் ஆகியவற்றைக் கொண்டு மீண்டும் கட்டிப் பார்ப்பது. இரண்டாம் ஆண்டின் முடிவில் அது ரூ.45,00,000-க்கு ஒரு ரூபாய்கூட விலகி நிற்கக் கூடாது.

இரண்டாம் பிழை இன்னும் நுட்பமானது, நானே தொடக்கத்தில் செய்தது. விலகியவர்களின் பட்டியலைப் பார்த்ததும், ஒவ்வொருவருக்கும் எழுதிய செலவைத் தேடித் திரும்ப எடுக்கக் கை பரபரக்கும். இரண்டாம் ஆண்டில் விலகிய 11 பேருக்குத் தலா ரூ.30,000 வீதம் ரூ.3,30,000-ஐ நான் திரும்ப எடுத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆண்டின் கணிப்பில் 19 பேர் விலகுவார்கள் என்று ஏற்கெனவே ஒதுக்கியாயிற்று. இரண்டு ஆண்டுகளில் உண்மையில் போனவர்கள் 17 பேர், அவர்கள் அந்த 19-க்குள் அடங்கியவர்கள். அவர்களுக்குச் செலவே எழுதப்படாதபோது திரும்ப எடுக்க என்ன இருக்கிறது? மாறியது 19 என்ற கணிப்பு 25 ஆனது மட்டும்தான். தனி ஆளின் பெயரைப் பார்க்காமல் மொத்த எண்ணிக்கையைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் இந்தப் பிழை தானாகவே நின்றுவிடும்.

அமெரிக்கக் கணக்கியல் விதிகளைப் படித்துவிட்டு வருபவர்கள், முன்கூட்டிக் கணிக்காமல் ஒருவர் போகும்போது மட்டும் திரும்ப எடுத்தால் போதாதா என்று கேட்பார்கள். அங்கே 2016-இல் வந்த திருத்தம் அந்தத் தெரிவை நிறுவனங்களுக்குக் கொடுத்தது. இண்ட் ஏஎஸ் 102-இல் அந்தத் தெரிவு இல்லை. கணித்தே ஆக வேண்டும். அமெரிக்கத் தாய் நிறுவனம் அனுப்பும் செலவுத் தாளை அப்படியே இந்தியக் கணக்கில் ஏற்றும் துணை நிறுவனங்கள் இதை மறந்துவிடுகின்றன.

நான்காம் படி: குறிப்பேட்டுப் பதிவு

பதிவு எளியது. இரண்டாம் ஆண்டின் முடிவில் பணியாளர் நலச் செலவுக் கணக்கில் ரூ.20,70,000 பற்று; நிலுவையிலுள்ள பங்கு விருப்புரிமைக் கணக்கில் அதே தொகை வரவு. இந்த வரவுக் கணக்கு கடன்பொறுப்பு அன்று. பங்குதாரர் நிதியின் கீழ் இதர ஈக்விட்டி என்ற தலைப்பில் காட்டப்படுவது. ஒரு திட்டத்துக்கு ஒரே பேரேட்டுக் கணக்கு போதும், ஆனால் வழங்கல் ஒவ்வொன்றுக்கும் தனி விரிதாள் இருக்கட்டும். 2022 வழங்கலின் நியாய மதிப்பையும் 2023 வழங்கலின் நியாய மதிப்பையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் விலகலைப் பின்னர் பிரித்துப் பார்க்கவே முடியாது.

ஆண்டுக்கு ஒரு பகுதியாக வெஸ்ட் ஆகும் திட்டம்

புதிய தொழில் நிறுவனங்களில் நான்கு ஆண்டுகளுக்கு ஆண்டுக்குக் கால்பங்கு என்ற அமைப்பே மிகுதி. இங்கே ஒவ்வொரு கால்பங்கையும் தனி வழங்கலாகக் கருதி, அதற்குரிய காலத்தில் மட்டும் செலவைப் பரப்ப வேண்டும். நான்கையும் சேர்த்து நேர்கோட்டில் பரப்பத் தரநிலை இடந்தரவில்லை. ஒருவருக்கு 400 விருப்புரிமைகள், எளிமைக்காக எல்லாப் பகுதிக்கும் நியாய மதிப்பு ரூ.120 என்று கொண்டால், ஒரு பகுதியின் மதிப்பு ரூ.12,000. முதல் ஆண்டில் முதல் பகுதி முழுவதும், இரண்டாம் பகுதியில் பாதியும், மூன்றாவதில் மூன்றில் ஒன்றும், நான்காவதில் கால்பங்கும் செலவாகும், கூட்டினால் ரூ.25,000. அடுத்த ஆண்டுகளில் ரூ.13,000, ரூ.7,000, ரூ.3,000. முன்பாரம் அதிகம் என்று நிதி இயக்குநர்கள் முகம் சுளிப்பார்கள், விதி அப்படித்தான்.

இவர் இரண்டரை ஆண்டில் விலகுகிறார், அதை யாரும் எதிர்பார்க்கவில்லை என்று வைப்போம். இரண்டாம் ஆண்டு வரை இவருக்காகப் பதிந்தது ரூ.38,000. முதல் இரண்டு பகுதிகள் வெஸ்ட் ஆகிவிட்டன, அவற்றின் ரூ.24,000 தொடப்படாது. மூன்றாம் பகுதிக்கு எழுதிய ரூ.8,000-ம் நான்காம் பகுதிக்கு எழுதிய ரூ.6,000-ம் சேர்ந்த ரூ.14,000 மட்டும் திரும்பும்.

எல்லா வெளியேற்றமும் ஒன்றல்ல

தானாக ராஜினாமா செய்தவரும், ஆட்குறைப்பில் நிறுவனமே அனுப்பிய ஒருவரும் கணக்கில் ஒரே வகைதான். காரணம் எதுவாயினும் பணிக்கால நிபந்தனை நிறைவேறவில்லை. எண்ணிக்கையிலிருந்து கழிய வேண்டும். ஆனால் ஆளை வேலையில் வைத்துக்கொண்டே அவருடைய விருப்புரிமையை நிறுவனம் ரத்து செய்தால் அது விலகல் ஆகாது. அப்போது முன்பு எழுதிய செலவைத் திரும்ப எடுப்பதற்குப் பதிலாக, வெஸ்டிங் முன்கூட்டியே நடந்ததுபோல் மீதமிருக்கும் செலவை உடனே முழுவதுமாகப் பதிய வேண்டும். திசையே மாறிவிடும் என்பதால், விலகல் பட்டியலில் ரத்து என்ற சொல்லைக் கண்டால் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

பணியில் இருக்கும்போது இறந்துபோனவரின் பெயரும் அந்தப் பட்டியலில் வரக்கூடும். 2014-ஆம் ஆண்டின் கம்பெனிகள் பங்கு மூலதன விதிகளும், பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுக்கான செபியின் 2021 ஒழுங்குமுறைகளும், அவருக்கு வழங்கப்பட்ட விருப்புரிமைகள் அனைத்தும் வாரிசுகளுக்கோ நியமனதாரருக்கோ வெஸ்ட் ஆகும் என்கின்றன. எனவே அவரை விலகியவராகக் கழிக்கக் கூடாது. நம் நிறுவனத்தில் நீடிப்பார் என்று எண்ணியிருந்த ஒருவர் இரண்டாம் ஆண்டின் கடைசி நாளில் இறந்திருந்தால், அவருக்காகத் திரண்ட ரூ.60,000 போக மீதி ரூ.30,000-ம் அந்த ஆண்டிலேயே செலவாகும். நிரந்தர ஊனத்தால் வேலை இழந்தவர்களுக்கும் இதே விதிகளில் தனி ஏற்பாடு உண்டு. திட்ட ஆவணத்தில் அதைத் தேடிப் பாருங்கள்.

வெஸ்ட் ஆன பிறகு போனவர்கள்

2025 மார்ச் 31-க்குப் பின் கதை மாறுகிறது. அந்த 79 பேரில் ஒருவர் விருப்புரிமையைப் பயன்படுத்தாமலே விலகி, திட்டம் தரும் கெடுவும் கடந்துபோனால், அது காலாவதி. அவர் கொடுக்க வேண்டிய மூன்று ஆண்டு உழைப்பைக் கொடுத்துவிட்டார்; அதன் செலவு நடந்த செலவு. எனவே இலாப நட்டக் கணக்கில் ஒரு பைசாவும் திரும்ப வராது. தலைக்கு ரூ.90,000 வீதம் நிலுவைக் கணக்கிலிருந்து பொதுக் காப்புக்கோ தக்கவைத்த இலாபத்துக்கோ பங்குதாரர் நிதிக்குள்ளேயே மாற்றிக்கொள்ளலாம். ஆண்டறிக்கைக் குறிப்பில் வெஸ்டிங்குக்கு முன் இழந்தவற்றையும் பின் காலாவதியானவற்றையும் தனித்தனி வரியாகக் காட்டக் கேட்பது இந்த வேறுபாட்டுக்காகத்தான்.

பயன்படுத்தியவரின் பதிவு இப்படி அமையும்: 600 பங்குகளுக்கு வங்கியில் ரூ.1,20,000 பற்று, நிலுவைக் கணக்கில் ரூ.90,000 பற்று, பங்கு மூலதனத்தில் ரூ.6,000 வரவு, பத்திர முனைமத்தில் ரூ.2,04,000 வரவு. அடுத்த ஆண்டு முடிவில் 20 பேர் பயன்படுத்தி, 5 பேருடையவை காலாவதியாகி அவர்களுக்கான தொகை மாற்றப்பட்டிருந்தால், ரூ.71,10,000-இலிருந்து ரூ.18,00,000-ம் ரூ.4,50,000-ம் போக ரூ.48,60,000 நிற்க வேண்டும். மீதமுள்ள 54 பேரை ரூ.90,000-ஆல் பெருக்கினாலும் அதே தொகை வர வேண்டும். வராவிட்டால் வெஸ்டிங்குக்குப் பிந்தைய விலகல் ஏதோ ஒன்றை யாரோ இலாப நட்டக் கணக்கு வழியாகத் திருப்பியிருக்கிறாரா என்று முதலில் பாருங்கள்.